செப்டம்பர் மாத ஆட்குறைவு அறிக்கை – தடா ஆலை, நிர்வாகத்தின் பார்வைக்கு

சராசரி 412 பேரில் 27 பேர் விலகியிருக்கிறார்கள், அதாவது 6.6 சதவீதம். ஆனால் கவனிக்க வேண்டியது, அதில் 19 பேர் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவர்கள், பெரும்பாலும் ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பிள்ளைகள். சம்பளம் பத்தவில்லை என்றுதான் படிவத்தில் எழுதுகிறார்கள் (எழுத அதுதான் சுலபம்), போனில் பேசினால் வேறு கதை வருகிறது. இரண்டாம் ஷிப்ட் இரவு 10.30க்கு முடிகிறது, நம் பஸ் ஆரம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது, அதற்கு மேல் பெண்கள் எப்படி வீடு போவார்கள்? அப்புறம் அசெம்பிளி லைனில் வேலை சொல்லிக்கொடுப்பது முழுக்கத் தெலுங்கில், புரியாமல் தப்பு செய்தால் எல்லார் முன்னாலும் திட்டு. விலகியவர்களில் 11 பேர் அந்த ஒரே லைன்.

அந்த 19 பேர் போக மற்ற எட்டு பேரில் மேற்படிப்பு, கல்யாணம் போன்ற வழக்கமான காரணங்கள்.

அக்டோபர் முதல் பஸ்ஸைக் கும்மிடிப்பூண்டி வரை நீட்டுங்கள். அந்த லைனுக்குத் தமிழும் தெரிந்த சூப்பர்வைசர் ஒருவரை மாற்றுங்கள், ஆள் உள்ளேயே இருக்கிறார். சம்பள உயர்வை இப்போதைக்குத் தொட வேண்டாம், பஸ் செலவு அதைவிடக் குறைவு.