ரெண்டு திறப்பு

(பல்லவி)
வீட்டுக்காரம்மா கையில தந்தா ரெண்டு திறப்பு
ஒண்ணு என் சட்டைப் பையில, ஒண்ணு ஆணியில இருக்கு
ஃபேன் இந்தப் பக்கம் திரும்பும்போது
சுவருல தட்டும், டிக்கு டிக்கு

(சரணம் 1)
பதுளையில போட்ட ஸ்வெட்டர் பெட்டிக்கு அடியில
பிரிச்சா இன்னும் விறகுப் புகை அதோட மடியில
பௌர்ணமி ராவு நின்னேன் கல்லடிப் பாலத்துல
மீன் பாடுமாம், காது குடுத்தேன் வாவிப் பக்கத்துல
ஓட்டோ ஒண்ணு நின்னு கேட்டது: "எங்க போகணும்?"
எங்கயும் இல்லண்ணே... நீங்க போங்க.

(சரணம் 2)
அரைப் பாண் கேட்டேன் புளியந்தீவுக் கடையில
"வீட்ட எத்தின பேர் தம்பி?"ன்னார் முதலாளி இடையில
முழுப் பாணா வாங்கிட்டு வந்தேன்
மறுநாள் மதில்மேல காக்கா தின்னுச்சு மிச்சத்த

"சாப்பிட்டியா ராசா?" அம்மா போனுல
"சாப்பிட்டேம்மா, இங்க ஒரே சத்தம், பிறகு எடுக்கிறேன்"
நுளம்பு வலைக்கு வெளிய
பல்லி ஒண்ணு சொல்லிச்சு, அவ்வளவுதான்

(முடிவு)
இன்னைக்கு ஆணித் திறப்பால கதவத் திறந்தேன்
பையில இருந்தத ஆணியில மாட்டினேன்
நாளைக்கு அதோட முறை
டிக்கு டிக்கு... டிக்கு டிக்கு...