பொட்டாசியமும் தண்ணீரும்: உங்களுக்கான உணவுக் குறிப்பு

பாம்பன் பகுதியிலிருந்து வரும் மீனவருக்கும் அவர் வீட்டில் சமைப்பவருக்கும். வயது 56, எடை 58 கிலோ. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, 4-ஆம் நிலை. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை.

இந்த முறை ரத்தப் பரிசோதனை: கிரியாட்டினின் 3.4, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சுமார் 20, பொட்டாசியம் 5.7. பொட்டாசியம் 3.5-லிருந்து 5.0-க்குள் இருக்க வேண்டும். 24 மணி நேரச் சிறுநீர் 800 மி.லி. காலில் வீக்கம் இருக்கிறது.

உங்கள் வரம்பு

ஒரு நாளைக்குப் பொட்டாசியம் 2000 மி.கி.க்குள். குடிக்கும் திரவம் எல்லாம் சேர்த்து 1300 மி.லி. இது நேற்று போன சிறுநீரின் அளவோடு 500 மி.லி. கூட்டி வந்த கணக்கு. சிறுநீர் குறைந்தால் இதுவும் குறையும், அதனால் வாரம் ஒரு நாள் சிறுநீரை அளந்து எழுதி வையுங்கள். உப்பு, சமையலில் போடுவது எல்லாம் சேர்த்து, தலை தட்டிய ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம். வீட்டில் எத்தனை பேருக்குச் சமைத்தாலும் உங்கள் பங்குக்கு இவ்வளவுதான்.

பொட்டாசியம் கூடினால் உடம்பு சொல்லாது. சிலருக்குக் கை கால் தளரும், நெஞ்சு படபடக்கும். பலருக்கு ஒன்றுமே தெரியாமல் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடாதீர்கள்.

நம்மூரில் எது இடிக்கும்

வெயில் காலத்தில் உடம்புக்கு நல்லது என்று இந்தக் கடற்கரையில் எதைக் கொடுப்பார்களோ, அதில் பாதி உங்களுக்கு ஆகாது. முதலில் இளநீர். ஒரு காயில் ஏறக்குறைய 250 மி.லி. தண்ணீரும் 600 மி.கி. பொட்டாசியமும் இருக்கும். ஒரு நாள் அளவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். கடலிலிருந்து கரை வந்ததும் யாராவது வெட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதநீர், கரும்புச்சாறு, பனங்கிழங்கு, கருப்பட்டிக் காப்பி ஆகியவையும் வேண்டாம். நுங்கு இரண்டு சுளைக்கு மேல் வேண்டாம், அந்த நீரையும் 1300-க்குள் எழுத வேண்டும்.

அடுத்தது வாழைத்தண்டுச் சாறு. கல்லடைப்புக்குக் குடிப்பது வேறு விஷயம். உங்கள் சிறுநீரகத்தால் அந்தப் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. நெருஞ்சி, சிறுகண்பீளை, மூக்கிரட்டை போட்ட கஷாயங்களும் அப்படியே. நாட்டு மருந்துக் கடையில் ‘கிட்னிக்கு நல்லது’ என்று கொடுத்தால் வாங்குமுன் எங்களிடம் கேளுங்கள்.

மூன்றாவது, ‘லோ சோடியம்’ என்று எழுதிய உப்பு. சோடியத்தைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். உங்களைப் பொறுத்தவரை அது பொட்டாசியத்தைக் கரண்டியால் அள்ளிப் போடுவதுதான். இந்துப்பும் தீர்வு இல்லை, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடு. சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள். நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது மூளையைப் பாதிக்கும், விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை போகும்.

சாற்றை விடுங்கள், சக்கையைச் சாப்பிடுங்கள்

பொட்டாசியம் தண்ணீரில் கரையும். எதை வேகவைத்தாலும் அதில் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடும். அந்த நீரை ஊற்றிவிட்டால் பொட்டாசியமும் போகும், உங்கள் தண்ணீர் அளவும் மிச்சமாகும். இது பிடிபட்டால் வீட்டுச் சமையலில் பாதிச் சந்தேகம் தீரும்.

மீன் குழம்பைப் பாருங்கள். மீனிலிருந்து இறங்கியது, தக்காளி, புளி, தேங்காய்ப்பால் என்று பொட்டாசியம் எல்லாம் குழம்பில்தான் சேர்கிறது. துண்டை எடுத்துக்கொண்டு குழம்பைத் தட்டில் மூன்று ஸ்பூனோடு நிறுத்துங்கள். புளி நெல்லிக்காய் அளவு, தக்காளி பாதி போதும். முண்டு மிளகாய்த் தூளால் பொட்டாசியம் பெரிதாகக் கூடாது, ஆனால் காரம் ஏறினால் தண்ணீர் கேட்கும். வாரத்தில் நான்கு நாள் குழம்புக்குப் பதில் மசாலா தடவித் தோசைக்கல்லில் வாட்டுங்கள்.

மீன் அளவு: உங்கள் உள்ளங்கை அகலத்தில், எலும்பு நீக்கி 75 கிராம், நாளைக்கு ஒரு வேளை. சீலா, பாறை, ஊளி, நகரை எதுவானாலும் சரி. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் பாஸ்பரஸ் கூடும், எப்போதாவது ஒருநாள் போதும். கருவாடு, மாசி, அப்பளம், மோர் மிளகாய், ஊறுகாய் அறவே கூடாது. கருவாட்டை இரண்டு தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுதாகப் போகாது. உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான், தண்ணீர் குடித்தால் காலில் வீக்கம் ஏறும்.

சோற்றைக் குக்கரில் வைக்காமல் பானையில் நிறையத் தண்ணீர் வைத்து வடியுங்கள். வடித்த கஞ்சியைக் குடிக்க வேண்டாம். பழைய சோறு பிடிக்கும் என்றால் நீராகாரத்தை இறுத்துவிட்டுப் பருக்கையை மட்டும், உப்புப் போடாமல். சத்து என்று கேழ்வரகு, கம்புக்கு மாற வேண்டாம். இரண்டிலும் அரிசியைவிடப் பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதிகம்.

காயைப் பக்குவம் செய்வது

உருளை, சேனை, மரவள்ளி, பூசணி, கேரட், முருங்கைக்காய் போன்றவற்றைச் சமைக்குமுன் இப்படிச் செய்யுங்கள்:

1. தோல் சீவி, விரல் நகத்தின் அளவில் மெல்லிய துண்டுகளாக நறுக்கவும்.
2. காயைப்போல் 10 மடங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டவும்.
3. ஒருமுறை அலசி, 5 மடங்கு புதுத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து வடிக்கவும்.
4. அதன் பிறகு தாளித்துப் பொரியல் செய்யவும்.

பெரும்பாலும் தவறுவது இரண்டு இடத்தில்: பெரிய துண்டாக நறுக்குவது, வேகவைத்த தண்ணீர் வீணாகிறதே என்று சாம்பாரில் ஊற்றுவது. இரண்டில் எது நடந்தாலும் ஊறவைத்த பாடு வீண். உப்பு போட்டு ஊறவைக்க வேண்டாம். சரியாகச் செய்தாலும் பொட்டாசியம் முழுதும் போகாது, அதனால் இவ்வகைக் காய் வாரம் இருமுறை, அரைக் கப் மட்டும்.

தினமும் சாப்பிடலாம் என்பவை: சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், சௌசௌ, முட்டைகோஸ், வெள்ளரி. கத்தரி, வெண்டை, அவரையும் அளவோடு சரி. இவற்றையும் வேகவைத்து நீரை வடித்தால் நல்லது. முருங்கைக்கீரை வேண்டாம். மற்றக் கீரையை வாரம் ஒருமுறை, நிறையத் தண்ணீரில் வேகவைத்துப் பிழிந்து இரண்டு ஸ்பூன். துவரம்பருப்பில் பொட்டாசியம் அதிகம். பருப்பு ஒரு நாளைக்கு 20 கிராம், ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி வேகவைக்கவும். சாம்பார் கெட்டியாகக் கால் கப்.

பழம் நாளைக்கு ஒன்று மட்டும்: பாதி ஆப்பிள், அன்னாசி இரண்டு சிறு துண்டு, பேரிக்காய் பாதி, கொய்யாவில் கால் பங்கு. பூவன் பழம் சிறியதில்கூடச் சுமார் 300 மி.கி. இருக்கும், அதனால் வாழைப்பழம் வேண்டாம். பலாவும் வேண்டாம். தர்பூசணியில் பொட்டாசியம் நடுத்தரம், ஆனால் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கீற்றைச் சாப்பிட்டால் அது 150 மி.லி. என்று எழுதுங்கள்.

1300 மி.லி. எப்படிப் பகிர்வது

எது திரவம்? வாயில் வைத்தால் தண்ணீராகும் எல்லாம்: தண்ணீர், டீ, ரசம், மோர், கஞ்சி, பாயசம், ஐஸ். இட்லியிலும் சோற்றிலும் உள்ள ஈரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒரு நாள் மாதிரி: காலை மாத்திரைக்கு 100, டீ 100, பதினோரு மணிக்கு 150, மதியம் தண்ணீர் 150, ரசம் 100, நான்கு மணி டீ 100, மாலை 150, இரவுச் சாப்பாட்டோடு 150, இரவு மாத்திரைக்கு 100. மொத்தம் 1100. மிச்சம் 200 இரவில் விழித்தால் குடிக்க.

அளவு தவறாமலிருக்க எளிய வழி ஒன்று. காலையில் இரண்டு பாட்டிலில் மொத்தம் 1300 மி.லி. தண்ணீர் நிரப்பி வையுங்கள். டீ, ரசம் குடிக்கும்போதெல்லாம் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைக்குக் கணக்கு முடிந்தது. வீட்டு டம்ளரில் எத்தனை மி.லி. பிடிக்கும் என்று ஒருமுறை அளந்து பாருங்கள். 150 என்று நினைப்பது பெரும்பாலும் 200-க்கு மேல் இருக்கும்.

கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை எடுக்க வேண்டாம், உப்பு அளவு தெரியாமலே கூடும். தாகத்துக்கு வாய் கொப்பளித்துத் துப்பலாம், எலுமிச்சைத் துண்டை நாக்கில் தடவலாம். சிறு ஐஸ் கட்டி ஒன்றைச் சப்பலாம், ஆனால் அதையும் எழுத வேண்டும், ஒரு கட்டிக்கு 25 மி.லி.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே உடையில் எடை பாருங்கள். ஒரு கிலோ ஏறினால் ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே தங்கிவிட்டது என்று பொருள். இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

கடலுக்குப் போகும் நாள், அக்னி நட்சத்திர வெயில், வயிற்றுப்போக்கு: இந்த மூன்றிலும் 1300 அப்படியே பொருந்தாது. வெயிலில் படகில் வேலை பார்த்து வியர்த்த நாளில் 250 மி.லி. வெறும் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க மருத்துவர் அனுமதித்திருக்கிறார். எடை குறைந்து தலைசுற்றினால் கூப்பிட்டுக் கேளுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டிலேயே அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், உடனே வாருங்கள். கடையில் விற்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியில் பொட்டாசியம் உண்டு, கேட்காமல் குடிக்க வேண்டாம்.

சர்க்கரை இறங்கினால்

உங்களுக்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. வியர்த்து நடுங்கும்போது பழச்சாறோ இளநீரோ வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், அரைக் கப் தண்ணீரில். அந்தத் தண்ணீரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், முதலில் உயிர்.

மாத்திரை

பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள். உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை மட்டும் கூடாது. அது சிறுநீரகத்தையும் கெடுக்கும், பொட்டாசியத்தையும் ஏற்றும். மலச்சிக்கலை விட்டுவைக்காதீர்கள், பொட்டாசியத்தின் ஒரு பங்கு மலத்தோடுதான் வெளியேறுகிறது.

கை கால் விழுந்தாற்போல் தளர்ந்தால், துடிப்பு மிக மெதுவாகவோ தாறுமாறாகவோ தோன்றினால், சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். 108-க்குப் போன் செய்து கிளம்புங்கள்.

அடுத்த ரத்தப் பரிசோதனை 10 நாளில். எடை, சிறுநீர், குடித்த அளவு எழுதிய நோட்டைக் கொண்டுவாருங்கள். ரத்தம் எடுக்கும்போது முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்காமல் கையைத் தளர்வாக வையுங்கள், மடக்கி விரித்தால் பொட்டாசியம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும்.