பாவடிச் சந்து

கம்பெனிக்குப் பெயர் வைக்கிற விஷயம் இவ்வளவு இழுக்கும் என்று குமரேசன் நினைக்கவே இல்லை. விசைத்தறியில் பொருத்துகிற சின்னப் பெட்டியைச் செய்து முடிக்க எட்டு மாதம் ஆனது. தறி எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று அதிர்வை வைத்துக் கணக்கிட்டு, முதலாளியின் போனுக்கு அனுப்பும் பெட்டி அது. அதைவிடப் பெயர்தான் பெரிய பாடாக இருந்தது.

பதினொரு வருடமாக பெங்களூரில் வேலை பார்க்கிறான். சேலம் அம்மாபேட்டையில் அவன் பிறந்த சந்துக்குப் பாவடிச் சந்து என்று பெயர். பாவடி என்றால் நெசவாளர்கள் பாவு நூலை நீட்டி விரிக்கும் இடம். விடியும் முன்னே சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நூல் இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பாவாற்றியால் நீவிக்கொண்டே போவார்கள். வெயில் ஏறினால் கஞ்சி சட்டென்று காய்ந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பாவுக்கு அடியில் குனிந்துதான் போகவேண்டும், தலை பட்டால் திட்டு விழும். இன்றைக்கு அங்கே பாவு இல்லை. பைக்குகள் நிற்கின்றன.

அந்தப் பெயரைத்தான் வைக்க நினைத்தான். ஆபீஸில் முதலில் கேட்ட தமிழ்ப் பையன் “பாவாடையா?” என்று கேட்டுச் சிரித்தான். பணம் போட வந்தவர் மூன்று முறை முயன்றும் “பவாடி” என்றே சொன்னார், வாயில் நுழைகிற மாதிரி வேறு ஏதாவது வையுங்களேன் என்றார். கூட்டாளி நவீன் மட்டும் நேராகவே கேட்டான்: “நமக்குச் சூரத்தில், பிவண்டியில் எல்லாம் தறிக்காரர்கள் வேண்டும். உன் சந்து அவர்களுக்கு என்ன?”

இதற்கெல்லாம் பதில் வைத்திருந்தான். அப்பா சொன்னதற்குத்தான் பதில் இல்லை.

“அது நம்ம ஒருத்தருக்குச் சொந்தமான பேரா கண்ணு? நாளைக்கு நஷ்டம் வந்தா பாவடி முழுகிப்போச்சும்பாங்க. சந்துல நாப்பது வீடு இருக்குது, அவங்களைக் கேட்டியா?”

சரி என்று வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிட்டான். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லை. காலையில் அப்பா அவனை நேராகக் கடைசி வீட்டுப் பெரியப்பாவிடம் கூட்டிப்போனார். சொந்தப் பெரியப்பா இல்லை, ஆனால் சந்தில் எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான். எண்பதைத் தாண்டியவர். பெட்டியை வாங்கி இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தார். பெருவிரல் நுனி இன்னும் வழவழப்பாக இருந்தது, அறுந்த இழையை முறுக்கி முறுக்கி ரேகையே தேய்ந்துபோன விரல்.

“இது என்ன பண்ணும்?”

“இழை அறுந்து தறி நின்னா உடனே சொல்லும் பெரியப்பா.”

“அறுந்தப்புறமா சொல்லும்?”

“ஆமா.”

அவர் பெட்டியைத் திண்ணையில் வைத்தார். “அறுந்தது ஓட்டுறவனுக்கே தெரியுமே சாமி. பாவடியில நாங்க எதுக்கு நீவிக்கிட்டே நடந்தோம்? எந்த இழை நைஞ்சிருக்குன்னு பார்க்கத்தான். தறிக்குப் போறதுக்கு முன்னாடியே எடுத்துக் கட்டிருவோம்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “பேரு வெச்சுக்க. யாரு வேண்டாங்கப்போறாங்க. ஆனா அந்தப் பேருக்கு இந்த வேலை பத்தாது” என்றார்.

பெங்களூர் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கடைசி வார்த்தைதான் குமரேசனுக்கு. இத்தனை நாளும் பெயர் கம்பெனிக்குச் சரிப்படுமா என்றே எல்லோரும் கேட்டார்கள், அவனும் அதற்கே பதில் தேடிக்கொண்டிருந்தான். கம்பெனி பெயருக்குச் சரிப்படுமா என்று ஒருத்தர்தான் கேட்டார்.

ஞாயிறு இரவு நவீனும் அவனும் பதிவுப் படிவத்தைத் திறந்தார்கள். இரண்டு பெயர் கொடுக்கலாம். முதல் இடத்தில் PAAVADI என்று அடித்தான், ‘பா’வுக்கு இரண்டு A போட்டு. இரண்டாவது இடத்தில் நவீன் சொன்ன ஆங்கிலப் பெயரைப் போட்டார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. ஐந்து நாளில் முதல் பெயரே கிடைத்துவிட்டது. இருபது நாள் அந்தப் பெயர் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும், அதற்குள் மற்ற காகிதங்களை முடிக்கவேண்டும்.

அன்று ராத்திரி காகிதங்களை நவீன் பார்த்துக்கொண்டான். குமரேசன் பெட்டியின் நிரலைத் திறந்தான். இடம் மிச்சம் பிடிக்க, தறி நிற்பதற்கு முந்தின பத்து வினாடி அதிர்வை அவன்தான் அழித்துவிடச் சொல்லி எழுதியிருந்தான். அந்த வரியைத் தேடிப்பிடித்து எடுத்தான். “இது எதுக்கு இப்போ?” என்றான் நவீன்.

“அறுறதுக்கு முன்னாடி தறி எப்படி ஆடுதுன்னு பார்க்கணும். இங்க வா, இந்த நாற்காலியை இழுத்துப் போடு.”