பணிநீக்க உத்தரவின் மீது மேல்முறையீடு

மேல்முறையீட்டு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். 11.03.2025 தேதியிட்ட பணிநீக்க உத்தரவு 14.03.2025 அன்று கிடைத்தது. 09.01.2025 முதல் 61 நாட்கள் தகவலின்றி வரவில்லை என்பது அதில் சொல்லப்பட்ட காரணம். இது தவறு.

09.01.2025 அன்று எனக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாளே 30 நாட்களுக்கான மருத்துவச் சான்றை மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். கிடைத்ததாகப் பதில் எழுதினார். 08.02 முதல் 31.03 வரையிலான இரண்டாம் சான்று 12.02 அன்றுதான் வந்து சேர்ந்தது. நான்கு நாள் தாமதம் உண்மை. புண்ணில் சீழ் பிடித்து அப்போது மீண்டும் மருத்துவமனையில் இருந்தேன். உத்தரவுக்கு முன் விளக்கம் கேட்கவில்லை. மருத்துவப் பரிசோதனைக்கும் அழைக்கவில்லை.

உத்தரவை ரத்து செய்து, இக்காலத்தை மருத்துவ விடுப்பாகக் கணக்கிட்டு, 01.04.2025 முதல் பணியில் சேர்க்கக் கோருகிறேன். மருத்துவர் சொன்னபடி முதல் 8 வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்காத வேலை வேண்டும். முடிவெடுக்குமுன் நேரில் விசாரிக்கவும்.

இணைப்பு: இரு மருத்துவச் சான்றுகள், இரு டிஸ்சார்ஜ் சுருக்கங்கள், மேலாளரின் பதில், உத்தரவின் நகல்.

இப்படிக்கு,
பணியாளர் எண் 2147, கிடங்குப் பிரிவு
18.03.2025