கோளரங்கப் பயணம்: உங்கள் சம்மதம் தேவை (6-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் 14-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, நம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரையும் கோளரங்கத்துக்கு அழைத்துப்போகத் திட்டமிட்டிருக்கிறோம். அறிவியலில் சூரியக் குடும்பம் பாடம் இப்போதுதான் முடிந்தது. கரும்பலகையில் நான் வரைந்த வட்டங்களைவிட, தலைக்கு மேல் வானம் சுழல்வதைப் பார்த்தால் நன்றாகப் புரியும்.

காலை 8.30-க்குப் பள்ளியிலிருந்து ஒரே பேருந்தில் கிளம்புகிறோம். என்னுடன் மூன்று ஆசிரியர்கள் வருகிறார்கள். திரும்பிவர மாலை 5 மணி ஆகும். வழக்கமான பள்ளி நேரத்தைவிட இது தாமதம் என்பதால்தான், வீட்டுக்கு எப்படிப் போவார்கள் என்பதையும் கீழே வாக்கெடுப்பில் கேட்டிருக்கிறேன். தனிக் கட்டணம் எதுவும் இல்லை. சீருடை, மதியச் சாப்பாடு, தண்ணீர் பாட்டில் போதும்.

கைபேசி மட்டும் வேண்டவே வேண்டாம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். ஒருவர் திரையைத் திறந்தாலும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அவ்வளவும் வீண். அவசரத்துக்கு என் எண் உங்களிடம் இருக்கிறது.

அரங்குக்குள் விளக்குகளை மெதுவாகத்தான் அணைப்பார்கள். ஆனாலும் இருட்டென்றால் பயப்படும் பிள்ளைகள் இருப்பார்கள், வானம் சுழலும்போது சிலருக்குத் தலைசுற்றும். அப்படிப்பட்டவர்களை வாசலுக்கு அருகில், ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார வைப்போம். வெளியே வடிகட்டி பொருத்திய தொலைநோக்கியில் சூரியனைக் காட்டுவார்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராகத்தான் பார்க்க விடுவோம். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்று நீங்களும் வீட்டில் ஒருமுறை சொல்லி அனுப்புங்கள். நான் சொன்னால் பாடம் மாதிரி கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள்.

பேருந்தில் வாந்தி எடுக்கும் பழக்கம், ஆஸ்துமா, ஒவ்வாமை, வலிப்பு என எதுவாக இருந்தாலும் எனக்குத் தனியாக எழுதுங்கள். குழுவில் போட வேண்டாம். பிள்ளையின் உடல்நிலை மற்ற வீடுகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. இன்ஹேலர் உபயோகிப்பவர்கள் அதைப் பிள்ளையின் பையிலேயே வையுங்கள். நீங்கள் எழுதித் தராத எந்த மாத்திரையையும் நாங்கள் கொடுக்க மாட்டோம்.

வாக்கெடுப்பு பற்றி: ஒரு பிள்ளைக்கு ஒரு வாக்கு. அப்பா, அம்மா இருவரும் குழுவில் இருந்தால் பேசிவைத்து ஒருவர் மட்டும் அழுத்துங்கள். இரட்டையர் வீட்டார் வாக்கோடு எனக்கு ஒரு வரியும் அனுப்புங்கள். யார் எதை அழுத்தினார்கள் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அது சங்கடமாக இருந்தால் வாக்களிக்காமல் எனக்கே எழுதலாம், அதுவும் செல்லும். முடிவை மாற்ற நினைத்தால் வேறு விடையை அழுத்தினால் போதும். செவ்வாய், 11-ஆம் தேதி மாலை 6 மணிக்குப் பட்டியல் எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு மாற்றுவதென்றால் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

‘யோசித்துச் சொல்கிறேன்’ என்ற விடையை வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. யோசிக்க செவ்வாய் வரை நேரம் இருக்கிறது. பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டோம்; அந்தப் பிள்ளை பேருந்தில் ஏற முடியாது.

அனுப்ப விருப்பமில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அன்று பள்ளி வழக்கம்போல உண்டு, வராத பிள்ளைகளுடன் நூலக ஆசிரியை இருப்பார். இதற்கு மதிப்பெண் எதுவும் கிடையாது.

– வகுப்பாசிரியை, 6 ‘ஆ’

*வாக்கெடுப்பு*
14-ஆம் தேதி கோளரங்கப் பயணத்துக்கு என் பிள்ளையை அனுப்ப:
▢ சம்மதம். மாலை 5 மணிக்கு நாங்களே வந்து அழைத்துக்கொள்கிறோம்
▢ சம்மதம். பள்ளி வேனில் வீட்டுக்கு வரட்டும்
▢ சம்மதம். வேறொருவர் அழைத்துப்போவார் (யாரென்று தனியே எழுதுகிறேன்)
▢ இந்த முறை அனுப்பவில்லை

*திங்கள், இரவு 8.10*
வணக்கம். இதுவரை 33 பிள்ளைகளுக்குப் பதில் வந்திருக்கிறது, மிக்க நன்றி. இன்னும் 9 பேர் பாக்கி. என் செய்திக்குக் கீழே கட்டைவிரல் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து வாக்கெடுப்பிலும் அழுத்திவிடுங்கள், கட்டைவிரலைச் சம்மதமாகக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு வீட்டில் அப்பா ‘வேன்’ என்றும் அம்மா ‘நாங்களே’ என்றும் அழுத்தியிருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை, இரண்டில் ஒன்றை நாளை மாலைக்குள் எடுத்துவிடுங்கள். மூன்றாவது விடையை அழுத்திய நான்கு பேரில் இருவர் மட்டும்தான் அழைத்துப்போகிறவர் யாரென்று எழுதியிருக்கிறீர்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் கையில் இல்லாமல் வாசலில் யாரிடமும் பிள்ளையை ஒப்படைக்க மாட்டோம். தாத்தாவே வந்து நின்றாலும் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.