ஓர் அரமும் ஒரு வாளும்

எல்லோருக்கும் வணக்கம்ங்க. நான் உலோகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பழைய டமாஸ்கஸ் வாள்களின் எஃகு ஏன் அவ்வளவு மதிக்கப்பட்டது என்று பேச வந்திருக்கிறேன். இந்த மேசையில் நான் வைத்திருக்கும் மூன்று பொருள்களை முதலில் பாருங்கள்: ஓர் ஆணி, லாரிப் பட்டையில் வெட்டிய ஒரு துண்டு, தேய்ந்துபோன ஒரு பழைய அரம். மூன்றையும் எங்கள் ஊர் கொல்லுப்பட்டறையில் இருந்து வாங்கி வந்தேன். எங்கள் ஊர் சென்னிமலைக்குப் பக்கம். என் அப்பச்சியின் அரிவாளுக்குக் கூர் வைத்துக் கொடுக்கும் ஆசாரி ஐயாதான் இவற்றைத் தந்தார்.

தருவதற்கு முன் மூன்றையும் சாணைக்கல்லில் வைத்துக் காட்டினார். ஆணியில் இருந்து நீளமான, சாதாரணக் கோடுகளாகப் பொறி போனது. லாரிப் பட்டையில் அந்தக் கோடுகள் நுனியில் கிளை விட்டன. அரத்தை வைத்தபோது தீபாவளிப் பூச்சட்டி மாதிரி கல்லை ஒட்டியே பொறி வெடித்துச் சிதறியது. "வெடிக்கறது ஜாஸ்தியா இருந்தா இரும்பு கடுசுன்னு அர்த்தம் கண்ணு" என்றார். வகுப்பில் நான் படித்த கார்பன் சதவீதத்தை அவர் கண்ணால் படிக்கிறார். ஆணியில் ஏறக்குறைய 0.1 சதவீதம், பட்டையில் 0.5 அல்லது 0.6, அரத்தில் 1.2 பக்கம்.

நான் பேச வந்த பழைய வாள்களில் கார்பன் அரத்தையும் தாண்டிப் போகும். பெரும்பாலும் 1.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஒரு கிலோ எஃகில் 15 கிராம் கார்பன். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியவற்றில் மிகச் சிறந்தவை இந்த எஃகில் அடித்தவை. அதற்கான கட்டிகள் தென்னிந்தியாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் மேற்கே போயின. ஆங்கிலேயர்கள் இதை வூட்ஸ் என்றார்கள். நம் உருக்கு, கன்னடத்து உக்கு என்ற சொற்களில் இருந்துதான் அந்தப் பெயர் திரிந்தது என்பார்கள்.

நம் பகுதிக்கும் இதில் பங்கு உண்டு. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணல், இங்கிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம்தான். அங்கே 1985-இல் தொடங்கிய அகழாய்வில் மணிகளும் தமிழி எழுத்துள்ள பானை ஓடுகளும் கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். இரும்பு உருக்கிய உலைகளும், மூசை என்ற களிமண் குடுவையை வைத்து எஃகு செய்த உலை என்று ஆய்வாளர்கள் கருதும் அமைப்பும் அங்கே கிடைத்திருக்கின்றன. போன மாதம் போய்ப் பார்த்தேன். காட்டுக்குள் கால் வைத்தால் கசடுத் துண்டு காலில் தட்டுகிறது. சேலத்துக் கஞ்சமலையின் காந்த இரும்புக்கல்லும் நமக்குத் தூரமில்லை.

சரி, மூசைக்குள் என்ன நடந்தது?

பழைய கரி உலையில் கிடைக்கும் இரும்பு உருகியே இருக்காது. கஞ்சியில் கட்டி பிடித்த மாவு போல, கசடைத் தனக்குள் வைத்துக்கொண்டு பஞ்சாக வரும். எவ்வளவு அடித்தாலும் கசடு கொஞ்சம் இழையாக உள்ளேயே தங்கிவிடும். வாளில் அந்த இழை இருக்கும் இடம் பலவீனம், உடைவது அங்கேதான். சுத்தமான இரும்பை உருக்க 1,538 டிகிரி வேண்டும். அந்தக் காலத்துத் துருத்திக்கு அது எட்டாத உயரம்.

நம்மவர்கள் வேறு வழி பிடித்தார்கள். உமி கலந்த களிமண்ணில் ஒரு சின்ன மூசை. அதற்குள் இரும்புத் துண்டு, கொஞ்சம் ஆவாரங்கட்டை, இரண்டு பச்சை இலை. வாயைக் களிமண்ணால் அடைத்துக் கரி உலையில் வைத்து மணிக்கணக்கில் ஊதுவார்கள். மைசூர்ப் பக்கம் இப்படிச் செய்ததை 1800-இல் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். உள்ளே கட்டை கரியாகும், கார்பன் இரும்புக்குள் ஏறும். கார்பன் ஏற ஏற இரும்பின் உருகுநிலை இறங்கும். ஒரு கட்டத்தில் அந்த உலையின் சூடே போதும் என்று ஆகி, மொத்தமும் உருகிவிடும். உருகினால் கசடு மேலே மிதந்துவிடும், கார்பன் எங்கும் சீராகப் பரவும். இந்த எஃகு மதிக்கப்பட்டதற்கு முதல் காரணம் இதுவே. கசடு இழை இல்லாத, ஒரே சீரான கட்டி அன்றைக்கு வேறு எந்த முறையிலும் சுலபமாகக் கிடைக்காது.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். கார்பன் கூடினால் கடினம் கூடும் என்றால், இன்னும் நாலு ஆவாரங்கட்டை போட்டிருக்கலாமே? போட்டால் வார்ப்பிரும்பு வரும். தோசைக்கல் கீழே விழுந்தால் பிளக்கிறதே, அந்த இரும்பு. அதில் 3 சதவீதத்துக்கு மேல் கார்பன். ஆக, எவ்வளவு கார்பன் என்பது பாதிக் கதைதான். அது எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்ததும் அதுதான்.

இரும்பு சிவக்கச் சூடாக இருக்கும்போது ஆஸ்டினைட் என்ற நிலையில் நிறையக் கார்பனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். மெதுவாக ஆறும்போது அவ்வளவையும் வைத்துக்கொள்ள முடியாது. வெளியே தள்ளப்படும் கார்பன், இரும்போடு சேர்ந்து Fe3C ஆகிறது. சிமென்டைட் என்ற கார்பைடு இது. ஆஸ்டினைட்டில் கார்பன் அளவு 0.77 சதவீதமாகக் குறையும் வரை இது தனியாகப் பிரியும். மீதி, இரும்பும் கார்பைடும் மெல்லிய தகடு தகடாகச் சேர்ந்த பெர்லைட் ஆகும். கடினத்தைச் சொல்லும் விக்கர்ஸ் அளவில் சுத்த இரும்பு 100 பக்கம், பெர்லைட் 250 பக்கம், சிமென்டைட் 1,000 பக்கம். 1.5 சதவீதக் கார்பன் உள்ள எஃகுக்கு எது எவ்வளவு பங்கு என்று சொல்லும் நெம்புகோல் விதிப்படி கணக்குப் போட்டுப் பார்த்தேன். தனியாகப் பிரியும் கார்பைடு மட்டும் எடையில் 12 சதவீதம் வருகிறது. நூறு கிராம் வாளில் 12 கிராம் கண்ணாடி மாதிரி கடினமான, கண்ணாடி மாதிரியே உடையக்கூடிய பொருள் கலந்திருக்கிறது.

இது எங்கே உட்காரும்? சும்மா விட்டால், எஃகுக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளுக்கு இடைப்பட்ட எல்லைகளில் வலை பின்னியதுபோல் படியும். விரிசல் ஓட அதுவே ரோடு.

ஐரோப்பியக் கொல்லர்களில் பலர் மாட்டிக்கொண்டதும் இங்கேதான். நம் கட்டியை வாங்கிப் போய், தங்கள் வழக்கப்படி வெள்ளைச் சூடு ஏற்றி அடித்தார்கள், நொறுங்கியது. சுத்த இரும்பு வெள்ளைச் சூட்டைத் தாங்கும். 1.5 சதவீதக் கார்பன் உள்ளது 1,250 டிகிரி பக்கம் போனாலே உள்ளுக்குள் உருகத் தொடங்கும், சம்மட்டி பட்டதும் உதிர்ந்துவிடும். ஆரஞ்சைத் தாண்டாத சூட்டில், பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க வேண்டும். மறுபடி சூடு, மறுபடி அடி, இப்படிப் பல பத்துத் தடவை. அந்தச் சூட்டில் கார்பைடு முழுக்கக் கரையாது. வலை அறுந்து, துண்டுகள் உருண்டையாகும்.

அப்புறம் அந்த அழகான வரிகள். வாளின் மேல் ஓடை நீர் நெளிவதுபோல் தெரிகிறதே, அது எப்படி வந்தது? குச்சி ஐஸை உறிஞ்சிப் பாருங்கள். நிறமும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிடும், வெள்ளைப் பனிக்கட்டி குச்சியில் நிற்கும். தண்ணீர் உறையும்போது சர்க்கரையை வெளியே தள்ளுவதால் அது இடுக்குகளில் சேர்ந்திருக்கிறது. மூசையிலும் அப்படித்தான். எஃகு மெதுவாக உறையும்போது செடி கிளை விடுவதுபோல் டென்ட்ரைட்டுகள் வளரும். கடைசியாக உறையும் நீர்மம் அந்தக் கிளைகளின் இடுக்கில் நிற்கும். தாதில் இருந்து வந்த வனேடியம் போன்ற தனிமங்களும் அந்த இடுக்கில் சேரும். அடிக்க அடிக்க இடுக்குகள் தட்டையாகி அடுக்குகளாகும். ஒவ்வொரு சூட்டிலும் மற்ற இடத்துச் சின்னக் கார்பைடு கரைய, வனேடியம் உள்ள அடுக்கில் இருப்பது தாக்குப்பிடித்து வளரும். கடைசியில் கார்பைடு வரிசை கட்டி நிற்கும். அமிலம் தடவினால் பெர்லைட் கறுக்கும், கார்பைடு வெள்ளையாகவே இருக்கும், வரி தெரியும்.

1998-இல் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் வேறொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் இந்த விளக்கம் இருக்கிறது. வனேடியம் நூற்றில் ஒரு பங்கு சதவீதத்தைத் தொடாத அளவு இருந்தாலும் போதும் என்று செய்து காட்டினார்கள். ஒரு பேராசிரியரும் ஒரு கொல்லரும் ஒரே கட்டுரையில் பெயர் போட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1819-இல் இந்த எஃகைப் பகுத்துப் பார்த்த மைக்கேல் பாரடேயும் ஒரு கொல்லரின் மகன்தான். அவர் அலுமினியமும் சிலிக்காவும்தான் ரகசியம் என்று நினைத்தார். அது சரியில்லை என்று பின்னால் தெரிந்தது.

இப்போது கடினத்துக்கு வருகிறேன். இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வாள்கள் இன்றைய கத்தி எஃகைவிடக் கடினமானவை என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. இந்த அரம் கடினமாக இருப்பதற்குக் காரணம் அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி எடுத்ததுதான். ஆசாரி ஐயா இதைத் தோய்ச்சல் என்கிறார். அப்போது மார்ட்டன்சைட் என்ற மிகக் கடினமான அமைப்பு வரும். பழைய வாள்களில் பல அப்படி முழுக்கத் தோய்க்கப்படவில்லை, பெர்லைட்டாகவே இருக்கின்றன. மொத்தமாக அளந்தால் இன்றைய நல்ல கத்தியைவிட மென்மைதான். ஆனால் விளிம்பில் வேறு கதை. வளைந்து கொடுக்கும் பெர்லைட்டுக்குள் வரிசை வரிசையாக 1,000 விக்கர்ஸ் கார்பைடு. பெர்லைட் கொஞ்சம் தேயும்போது கார்பைடு துருத்திக்கொண்டு நிற்கும், விளிம்பு நுண்ணிய ரம்பம் போல் அறுக்கும், சீக்கிரம் மழுங்காது. வலையாக இல்லாமல் தனித்தனி உருண்டைகளாக இருப்பதால் விரிசலுக்கு ஓட வழி குறைவு. அன்றைக்குக் கூடவே இருந்த கசடு இழை இரும்போடு ஒப்பிட்டால், இதற்கு ஏன் அந்த விலை கொடுத்தார்கள் என்பது புரியும். வரி தெரிந்தால், அந்த எஃகு மூசையில் முழுதாக உருகியது, சூடு மீறாமல் அடிக்கப்பட்டது என்று வாங்குபவருக்கும் கண்ணிலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, நான் செய்து பார்த்த ஒன்று. இந்த அரத்தில் இருந்து இரண்டு துண்டு வெட்டினோம். ஒன்றை மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆற விட்டோம். இன்னொன்றை ஆசாரி ஐயா மங்கலான சிவப்பில் வைத்து, மூன்று நாள் சாயங்காலம் சூடாக்கிச் சூடாக்கி மெதுவாகத் தட்டினார். பிறகு இரண்டையும் குளிர்ந்த நிலையில் சம்மட்டியால் ஒரே மாதிரி அடித்தார். முதல் துண்டு விரிந்து பிளந்தது. இரண்டாவது வளைந்து நின்றது. ஒரே அரம், ஒரே கார்பன்.

இரண்டையும் மெருகேற்றி, நைட்டால் என்ற அமிலக் கரைசலைத் தடவிக் கொண்டு வந்திருக்கிறேன். ஜன்னல் ஓரத்து நுண்ணோக்கியில் முதல் துண்டு இருக்கிறது, வெள்ளை வலை தெளிவாகத் தெரியும். பக்கத்து நுண்ணோக்கியில் இரண்டாவது, அதில் வெள்ளைப் புள்ளிகள். வாளில் இருப்பதுபோல் வரி இதில் இல்லை. அதற்கு மூசையில் மெதுவாக ஆறிய கட்டி வேண்டும், அதை அடுத்த பருவத்தில் முயலப் போகிறோம். ஒவ்வொருவராக வந்து பாருங்கள், ஃபோகஸ் திருகை மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். ஆசாரி ஐயாவும் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சூட்டின் நிறத்தைப் பற்றிக் கேள்வி இருந்தால் அவரிடமே கேளுங்கள்ங்க.