இளம் பெற்றோருக்கான வாராந்தர வேதபாடம்: பிள்ளையை விசுவாசத்தில் வளர்த்தல்

கணவனும் மனைவியும் சேர்ந்து வாசியுங்கள். குழந்தை தூங்கும் இருபது நிமிடம் போதும். நடுவில் அழுதால் எழுந்துபோங்கள். மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வாரம்: ஆலயத்துக்குப் போகாத அன்னாள்
1 சாமுவேல் 1:21–28

எல்க்கானாவின் குடும்பம் வருடந்தோறும் சீலோவுக்குப் போய்ப் பலி செலுத்தும் குடும்பம். சாமுவேல் பிறந்தபின் அன்னாள் போகவில்லை. பிள்ளை பால்மறந்ததும் கொண்டுவருகிறேன் என்கிறாள். இத்தனைக்கும் இந்தப் பிள்ளையை அவள் அழுது கேட்டுப் பெற்றது அதே சீலோவில்தான். எல்க்கானா கோபிக்கவில்லை, உனக்கு நலமாகத் தோன்றுவதைச் செய் என்கிறான். வேதம் அவள்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. பாலூட்டிய அந்தக் காலமும் அவள் பொருத்தனையின் பகுதிதான்.

பிரசவமான பெண்ணைப் பார்த்ததும் "எத்தனை வாரமாக ஆராதனைக்கு வரவில்லை?" என்று கேட்பவர்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களும் இந்தப் பகுதியை வாசித்தால் நல்லது.

சிந்திக்க:
பிள்ளை பிறந்தபின் ஜெபிக்க முடியவில்லை என்ற குற்ற உணர்வு உங்களுக்கு உண்டா? யாரிடமாவது அதைச் சொன்னீர்களா?
கணவர்களே, இரவில் குழந்தையை வாங்கிக்கொண்டு மனைவிக்கு ஒரு மணி நேர ஓய்வு கொடுக்க எந்த நாட்களில் முடியும்?

இரண்டாம் வாரம்: முதலில் உங்கள் இருதயம்
உபாகமம் 6:4–9

வரிசையைக் கவனியுங்கள். வார்த்தை முதலில் பெற்றோரின் இருதயத்தில் இருக்க வேண்டும். பிள்ளைக்குப் போதிப்பது அதற்குப் பிறகு. போதிக்கும் நேரங்களாக மோசே சொல்வது வீட்டில் உட்காருவதும், வழியில் நடப்பதும், படுப்பதும், எழுவதும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. குளிப்பாட்டும்போது ஒரு கீர்த்தனை பாடுங்கள். தொட்டிலை ஆட்டும்போது பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதன் காதில் விழும்படி ஜெபியுங்கள். அர்த்தம் புரியாவிட்டாலும் உங்கள் குரல் அதற்குத் தெரியும்.

சிந்திக்க:
உங்கள் வீட்டில் தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலை எது? அதோடு எந்த ஜெபத்தைச் சேர்ப்பீர்கள்?
பிள்ளையிடம் எதிர்பார்க்கும் எந்தக் குணம் இன்னும் உங்களிடம் வரவில்லை?

மூன்றாம் வாரம்: பாட்டியின் விசுவாசம்
2 தீமோத்தேயு 1:5, அப்போஸ்தலர் 16:1

தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். விசுவாசம் அவனுக்குப் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது. வீட்டில் ஒருவர் மட்டும் ஜெபிக்கும் நிலை இருந்தால் இந்த வசனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிந்திக்க:
உங்களுக்கு முதன்முதலில் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார்? இந்த வாரம் அவரை அழைத்துப் பிள்ளைக்காக ஜெபிக்கக் கேளுங்கள்.

நான்காம் வாரம்: தடுத்த சீஷர்கள்
மாற்கு 10:13–16

பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டினார்கள். இயேசு வருத்தப்பட்டது சீஷர்கள்மேல். பிள்ளைகளை அணைத்து, கைகளை வைத்து ஆசீர்வதித்தார்.

சிந்திக்க:
ஆராதனையில் பிள்ளை அழுதால் உடனே வெளியே ஓடுகிறீர்களா? ஏன்?
ஞானஸ்நானத்துக்கு ஞானப்பெற்றோராக யாரைக் கேட்கப்போகிறீர்கள்? பிள்ளைக்குப் பத்து வயதாகும்போதும் அவர்கள் அதோடு உட்கார்ந்து பேசுவார்களா?